950 மாணவர்களா, 37 வகுப்புகளா?

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் எப்படிப் பாடம் நடத்துவது நல்லது என்ற வாதம் 1970-களில் சூடாக நடந்துகொண்டிருந்தது. 1967-இல் வந்த பிளவ்டன் குழு அறிக்கை, குழந்தையை மையமாக வைத்த தளர்வான கற்பித்தலுக்கு ஆதரவாகப் பேசியது. பழைய முறையே மேல் என்றவர்களும் சும்மா இருக்கவில்லை. இந்த நேரத்தில்தான், 1976-இல், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நெவில் பென்னெட் கற்பிக்கும் பாணிகளையும் மாணவர் முன்னேற்றத்தையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வடமேற்கு இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வினாத்தாள் அனுப்பி, அவர்கள் வகுப்பறையில் செய்வதை வைத்து அவர்களைப் பல பாணிகளாகப் பிரித்தார். அவர்களிலிருந்து 37 பேரைத் தேர்ந்தெடுத்து, கட்டுக்கோப்பான பாணி, கலப்புப் பாணி, தளர்வான பாணி என மூன்று குழுக்களில் வைத்தார். ஒரு குழுவுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆசிரியர்கள். அவர்களிடம் படித்த 950 சொச்சம் மாணவர்களுக்குக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வாசிப்பு, கணக்கு, ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்வு வைத்தார். கட்டுக்கோப்பான பாணியில் படித்தவர்கள் பொதுவாக அதிகம் முன்னேறினார்கள், அந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்று நூல் சொன்னது. பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் கேலகன் ரஸ்கின் கல்லூரியில் கல்வி பற்றிப் பேசியபோது, புதிய கற்பித்தல் முறைகள் மீது பெற்றோருக்கு இருந்த ஐயமும் அந்தப் பேச்சில் இடம்பெற்றது.

இந்த ஆய்வின் தரவுத்தாள் எப்படி இருந்திருக்கும் என்று மனத்தில் வரைந்து பார்த்தால் சிக்கல் எங்கே என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி. மாணவர் எண், ஆணா பெண்ணா, ஆண்டுத் தொடக்க மதிப்பெண், ஆண்டு இறுதி மதிப்பெண் ஆகிய பத்திகளில் வரிக்கு வரி எண் மாறுகிறது. கடைசிப் பத்தி ஆசிரியரின் பாணி. அதில் முதல் 25 வரிகளிலும் ‘கட்டுக்கோப்பு’ என்றே இருக்கும், ஏனென்றால் அந்த 25 பேரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். அடுத்த 26 வரிகளில் ‘தளர்வு’. அதற்கடுத்த 24-இல் ‘கலப்பு’. அந்தப் பத்தியில் 950 கட்டங்கள் நிரம்பியிருந்தாலும் உண்மையில் அதில் இருப்பவை 37 தகவல்கள்தான். மற்றவை அவற்றின் நகல்கள். மதிப்பெண் எடுக்கப்பட்டது மாணவரிடம் என்பதால் இங்கே உற்றுநோக்கல் அலகு மாணவர். ஆனால் ஆய்வு கேட்ட கேள்வி ஆசிரியரின் பாணியைப் பற்றியது. பாணி மாறுவது வகுப்புக்கு வகுப்பு, மாணவருக்கு மாணவர் அல்ல. ஆகவே அந்தக் கேள்விக்கான பகுப்பாய்வு அலகு வகுப்பு. பென்னெட் மாணவரையே பகுப்பாய்வு அலகாகவும் வைத்துக் கணக்கிட்டார். அன்றைக்குப் பலரும் செய்தது அதுதான். அவரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. தரவுத்தாளின் வரி எதுவோ அதுவே பகுப்பாய்வின் அலகு என்று இயல்பாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. காரணம் என்று நாம் சந்தேகிக்கும் விஷயம் எந்த மட்டத்தில் மாறுகிறதோ அந்த மட்டத்தில்தான் சான்றுகளை எண்ண வேண்டும்.

வகுப்பில் 25 பேர் இருந்தால் 25 சான்றுகள் கிடைக்காதா என்று கேட்கலாம். அந்த 25 பேரும் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களாக இருந்தால் கிடைக்கும். ஆனால் ஒரே வகுப்பில் இருப்பவர்கள் மூன்று வழிகளில் ஒத்துப்போகிறார்கள். பள்ளிக்கு வரும்போதே ஒத்த குடும்பங்களிலிருந்து, ஒரே தெரு, ஒரே வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். வந்தபின் அதே ஆசிரியர், அதே கால அட்டவணை, அதே ஓட்டைக் கரும்பலகை எல்லாருக்கும் பொது. கூடவே ஒருவரை ஒருவர் பாதிக்கிறார்கள்: நாலு பேர் ஆர்வமாகக் கேள்வி கேட்டால் வகுப்பே விழித்துக்கொள்ளும், நாலு பேர் கலாட்டா செய்தால் வகுப்பே கெடும். இந்த ஒப்புமையைப் புள்ளியியலில் உள்வகுப்பு ஒட்டுறவு என்ற ஒரே எண்ணால் அளக்கிறார்கள். மதிப்பெண்களில் உள்ள மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு வகுப்புகளுக்கு இடையிலானது என்பதுதான் அது. பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் இது 0.2 அளவில் இருப்பது சாதாரணம்.

0.2 சிறிய எண் போலத் தோன்றும். அதன் விளைவு சிறியதல்ல. மாதிரிக் கணக்கெடுப்புகளுக்காக லெஸ்லி கிஷ் வகுத்துத் தந்த விதிப்படி, ஒரு குழுவில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதை ஒட்டுறவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வகுப்புக்கு 25 பேர் என்றால் 24-ஐ 0.2-ஆல் பெருக்க 4.8, ஒன்றைக் கூட்ட 5.8. மாதிரிப் பிழையின் பரவற்படி, அதாவது திட்டப்பிழையின் வர்க்கம், நாம் நினைத்ததைப் போல 5.8 மடங்கு. வேறு விதமாகச் சொன்னால், பாணியைப் பற்றிய கேள்விக்கு 950 மாணவர்கள், தனித்தனியாகத் தேர்ந்த சுமார் 164 மாணவர்களுக்குச் சமம். திட்டப்பிழை 2.4 மடங்கு பெரிதாகிறது. மாணவரை அலகாக வைத்த கணக்கில் ஒரு வேறுபாடு அதன் திட்டப்பிழையைப் போல 3 மடங்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆய்விதழும் அதை உறுதியான முடிவாக ஏற்கும். சரியான கணக்கில் அது 1.25 மடங்காகச் சுருங்கிவிடும். 2-ஐ நெருங்காத எதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுத் தொடக்க மதிப்பெண்ணைக் கழித்துப் பார்த்தால் ஒட்டுறவு குறையும் என்பது உண்மை. அது பாதியாகி 0.1 ஆனாலும் அந்த 3, சுமார் 1.6 ஆகிறது. அப்போதும் வாசலைத் தாண்டவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பாணிகளுக்கும் இடையே கணக்கிட்ட சராசரி வேறுபாடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பொய்யாவது அந்த வேறுபாட்டின் மேல் நாம் வைத்த நம்பிக்கையின் அளவு. அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை: அட்டவணையில் எந்த எண்ணும் அபத்தமாகத் தெரியாது.

பென்னெட்டின் தரவை லங்காஸ்டரிலேயே இருந்த புள்ளியியலாளர் மர்ரே எய்ட்கின் தம் சகாக்களோடு மறுபடி ஆராய்ந்து 1981-இல் வெளியிட்டார். மறு ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றில் பென்னெட்டே இணை ஆசிரியர். இது அவருக்குப் பெருமை சேர்க்கிற விஷயம், எளிதில் நடக்கக்கூடியதும் அல்ல. மாணவர்கள் வகுப்புகளுக்குள் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்ததும் பாணிகளுக்கு இடையிலான வேறுபாடுகள் புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தன. கட்டுக்கோப்பான பாணி மேலானது என்று அந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியவில்லை. இந்தக் கதை பாடநூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால் ஒரு விவரம் நழுவிப்போகிறது. மறு ஆய்வில் அலகு மட்டும் மாற்றப்படவில்லை. ஆசிரியர்களைப் பாணிகளாகப் பிரித்த முறையும் புதிதாகச் செய்யப்பட்டது. ஆகவே முடிவு மாறியதன் முழுப் பாரத்தையும் அலகின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. ஆனால் மேலே போட்ட கணக்கு, அலகு ஒன்றே அந்த முடிவைக் கவிழ்க்கப் போதுமானது என்று காட்டுகிறது.

அப்படியானால் ஒவ்வொரு வகுப்புக்கும் சராசரி எடுத்து 37 எண்களை மட்டும் ஒப்பிட்டால் போதுமா, 950 பேரின் உழைப்பை வீணாக்குவது சரியா என்பது உடனே எழும் மறுப்பு. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. கேள்வி பாணியைப் பற்றியது மட்டுமே, வகுப்புகளின் அளவும் சமம் என்றால், 37 சராசரிகளை வைத்துச் செய்யும் எளிய ஒப்பீடும் மாணவர்களையும் வகுப்புகளையும் ஒன்றாக வைத்துச் செய்யும் சிக்கலான பல்நிலைப் பகுப்பாய்வும் ஒரே விடையைத்தான் தரும். எதுவும் வீணாகவில்லை, மாணவர் எண்ணிக்கை அந்தச் சராசரிகளைத் துல்லியமாக்கும் வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. சராசரிக்கு மாறிய பிறகு மாணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் ஆபத்து. அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கார்ல் வைட் 1982-இல் காட்டியது இது: குடும்பத்தின் பொருளாதார நிலைக்கும் தேர்ச்சிக்கும் உள்ள ஒட்டுறவு, மாணவரை அலகாக வைத்த ஆய்வுகளில் சராசரியாக 0.22 அளவில் இருந்தது; பள்ளி போன்ற குழுக்களின் சராசரியை வைத்த ஆய்வுகளில் 0.73 அளவுக்கு ஏறியது. இரண்டும் உண்மையான எண்கள்தான். முதல் எண், வசதியான வீட்டுப் பிள்ளைகளிலும் பின்தங்குபவர்கள் ஏராளம், ஏழை வீட்டுப் பிள்ளைகளிலும் முந்துபவர்கள் ஏராளம் என்கிறது. இரண்டாவது, வசதியான பகுதிப் பள்ளிகளின் சராசரி ஏறக்குறைய எப்போதும் உயர்ந்திருக்கிறது என்கிறது. பள்ளிச் சராசரியில் தனியாட்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துபோவதால்தான் 0.73 அவ்வளவு பெரிதாக நிற்கிறது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ‘இந்தப் பிள்ளை ஏழை, ஆகவே இவள் மதிப்பெண் இவ்வளவுதான் இருக்கும்’ என்று கணிப்பவர் பென்னெட் செய்த தவறை எதிர்த் திசையில் செய்கிறார். அவர் கீழ்மட்ட எண்ணிக்கையை மேல்மட்டக் கேள்விக்குப் பயன்படுத்தினார். இவர் மேல்மட்ட உறவைக் கீழ்மட்டத்தின் மேல் சுமத்துகிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இந்த இரண்டாவது வகைத் தவறை வில்லியம் ராபின்சன் 1950-இலேயே அம்பலப்படுத்தியிருந்தார். அதற்குப் பிறகும் மாவட்டச் சராசரிகளை வைத்து மாணவரைப் பற்றிய தீர்ப்புகள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. பள்ளியில் அனுமதி வாங்குவது பெரும்பாடு. உள்ளே நுழைந்துவிட்டால் வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தேர்வு வைப்பது சுலபம். பள்ளிகளைக் கூட்டுவதற்குப் பதில் மாணவர்களைக் கூட்டினால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாதா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அதே பானையிலிருந்து இன்னும் இருபது பருக்கை எடுத்து நசுக்கினால் அந்தப் பானையைப் பற்றிய உறுதி கொஞ்சம் கூடும். பக்கத்து வீட்டுப் பானைகளைப் பற்றி எதுவும் தெரியாது. எண்ணில் சொன்னால், ஒட்டுறவு 0.2 ஆக இருக்கும்போது 25 பேர் உள்ள வகுப்பு, தொடர்பற்ற 4.3 மாணவர்களின் தகவலைத் தருகிறது. அதை 50 பேராக இரட்டித்தால் 4.6 ஆகிறது. வகுப்பில் ஆயிரம் பேரை உட்கார வைத்தாலும் 5-ஐத் தாண்டாது. ஒட்டுறவின் தலைகீழ்தான் அந்த உச்சவரம்பு. தேர்வுத்தாளுக்கும் திருத்துபவர் கூலிக்கும் கணக்குப் போடும் ஆய்வாளர், வகுப்புக்கு 50 பேரைச் சோதிப்பதைவிட 15 பேரை மட்டும் சோதித்துவிட்டு மிச்சப் பணத்தில் இன்னும் சில பள்ளிகளுக்குப் பேருந்து ஏறுவது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மாணவர்கள் வகுப்புக்குள் இருக்கும் எந்த ஆய்விலும் எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டால் அதுவும் பிழை. சில ஆய்வு வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே வகுப்பில் உள்ள சிறுவர்களையும் சிறுமிகளையும் ஒப்பிடுகிற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆண், பெண் என்பது வகுப்புக்குள்ளேயே மாறுகிறது. இருவருக்கும் அதே ஆசிரியர், அதே தெரு. வகுப்புக்குப் பொதுவான நல்லதும் கெட்டதும் இரு பக்கமும் சமமாகச் சேர்ந்து, கழித்தலில் மறைந்துவிடும். இங்கே குழுவைக் கணக்கில் எடுப்பது திட்டப்பிழையைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கவே செய்யலாம். அதுபோல, ஒவ்வொரு வகுப்பிலும் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒரு பயிற்சித்தாளும் மீதிப் பேருக்கு வேறொன்றும் கொடுத்தால், பகுப்பாய்வு அலகு மாணவர்தான். வகுப்புச் சராசரியை வைத்தால் ஒப்பிடவே எதுவும் மிஞ்சாது. ஒரே தரவுத்தாளில் பாணி பற்றிய கேள்விக்கு 37 சான்றுகளும் பாலினம் பற்றிய கேள்விக்கு நூற்றுக்கணக்கான சான்றுகளும் ஒருங்கே இருக்க முடியும். அலகு தரவில் ஒட்டியிருப்பதல்ல, கேள்வியோடு வருவது. பல்நிலைப் பகுப்பாய்வின் பயன் இதில்தான்: ஒவ்வொரு மாறியையும் அது மாறும் மட்டத்திலேயே எடைபோடுகிறது. ஆனால் எந்த மாறி எந்த மட்டத்தில் மாறுகிறது என்பதை மென்பொருளுக்கு ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாத ஒரு வடிவமும் உண்டு. நம் கல்வியியல் ஆய்வேடுகளைப் புரட்டுபவர்களுக்கு அது பழகிய முகம். ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ‘ஏ’ பிரிவு சோதனைக் குழு, ‘பி’ பிரிவு கட்டுப்பாட்டுக் குழு. பிரிவுக்கு 40 பேர். ஒரு பிரிவுக்குப் புதிய முறையில் பாடம், மற்றதற்கு வழக்கம் போல. முன்தேர்வு, பின்தேர்வு, பிறகு 80 மாணவர்களை வைத்து ஒரு டி-சோதனை. புதிய முறை சிறந்தது என்ற முடிவு. இங்கே முறையைப் பொறுத்தவரை சான்றுகள் இரண்டே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ‘ஏ’ பிரிவின் முன்னேற்றத்துக்குப் புதிய முறை காரணமா, அதை நடத்தியவரின் ஆர்வமா, அந்தப் பிரிவுக்குக் காலையில் முதல் பாடவேளை கிடைத்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒரே மாதிரி நடத்தப்படும் இரண்டு பிரிவுகள் தமக்குள் சாதாரணமாக எவ்வளவு வேறுபடும் என்பதை அளக்க, ஒரே முறையில் இன்னொரு பிரிவாவது வேண்டும், அது இல்லை. மாணவர்களைக் குலுக்கிப் பிரிவுகளில் போட்டிருந்தால் வரும்போதே இருந்த ஒப்புமை நீங்கும். பிரிவுக்குள் வந்தபின் உண்டாகும் ஒப்புமை நீங்காது. இப்படிப்பட்ட ஆய்வேடு ஒரு பாடத்திட்டம் நடைமுறையில் ஓடுகிறதா, எங்கே தடுக்குகிறது, பிள்ளைகள் எந்த இடத்தில் குழம்புகிறார்கள் என்பதை விரிவாகப் பதிவு செய்தால் மிகப் பயனுள்ளதாக இருக்கும். டி-மதிப்பும் அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டு அனுப்பும்போதுதான் தன்னிடம் இல்லாததைக் கோருகிறது. படிப்பவர் செய்ய வேண்டிய சோதனை எளிது: மாணவர் எண்ணிக்கையைத் தாண்டிப் போய், ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை ஆசிரியர், எத்தனை பள்ளி என்று தேட வேண்டும். அந்த எண் கட்டுரையில் எங்குமே இல்லை என்றால், அலகு குழம்பிப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

எதிர்த் தரப்பில் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறு ஆய்வுக்குப் பின் பாணிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகச் சிலர் எழுதினால் அதுவும் ஏற்க முடியாதது. பக்கத்துக்குப் பன்னிரண்டு வகுப்புகள், வகுப்புக்கு 25 பேர், ஒட்டுறவு 0.2 என்று வைத்து, முன்தேர்வின் உதவி இல்லாமல் கணக்கிட்டால், அப்படிப்பட்ட ஆய்வு ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்கக்கூடியது மதிப்பெண்களின் திட்டவிலக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வேறுபாட்டை மட்டுமே. பள்ளிச் சீர்திருத்தங்களில் அவ்வளவு பெரிய விளைவு அபூர்வம். முன்தேர்வு மதிப்பெண்கள் அந்த எல்லையைக் கணிசமாக இறக்கும். ஆனாலும் சிறிய, ஆனால் உண்மையான வேறுபாடுகள் வலையில் சிக்காமல் போகத்தான் செய்யும். திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமானால், அதே கணக்குப்படி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 90 வகுப்புகள் தேவை. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில், மாணவர் முன்னேற்றத்தைப் பொறுத்து ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தரும் ஆய்வைத் தொடங்கியபோது குலுக்கிப் பிரித்தது பள்ளிகளைத்தான்: மொத்தம் 500 பள்ளிகள், ஒரு குழுவுக்கு 100. திட்டப்பிழைகளையும் மாணவர்கள் ஒரே பள்ளியில் இருப்பதைக் கருதியே கணக்கிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊக்கத்தொகைப் பள்ளிகளுக்கும் மற்றவற்றுக்கும் தெரிந்த வேறுபாடு, திட்டவிலக்கத்தில் கணக்குப் பாடத்தில் 0.27, மொழிப் பாடத்தில் 0.17. பன்னிரண்டு பன்னிரண்டு பள்ளிகளோடு நிறுத்தியிருந்தால், அவற்றில் எத்தனை ஆயிரம் மாணவர்களுக்குத் தேர்வு வைத்திருந்தாலும், இந்த அளவுள்ள வேறுபாட்டைத் தற்செயலிலிருந்து பிரித்துப் பார்த்திருப்பது மிகக் கடினம்.